மகள் சிங்கப்பூர் போனால், அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பது யார்?

அவளுக்கு வயது 36. சொந்த ஊர் பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், ராஜவாய்க்கால் தண்ணீர் பாயும் கிராமம். அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். திருச்செங்கோட்டில் இன்ஜினீயரிங் முடித்து பெங்களூரு போனவள், பதினான்கு வருட வேலைக்குப் பிறகு ஒரு பெரிய குழுவுக்குத் தலைமை ஏற்கும் இடத்துக்கு வந்திருக்கிறாள். அந்த வேலை சிங்கப்பூரில். மூன்று வருட ஒப்பந்தம். கணவர் சம்மதித்துவிட்டார். எட்டு வயது மகள் இப்போதே பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள்.

ஊரில் அப்பாவுக்கு 71 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. அம்மாவுக்கு 66. சர்க்கரையும் முழங்கால் தேய்மானமும் உண்டு. தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறான்.

இவள் பல வீடுகளில் நடப்பதைக் கோத்து இந்தக் கட்டுரைக்காக உருவாக்கிய பாத்திரம். அவள் கதை கற்பனை. அதில் வரும் மருத்துவமும் சட்டமும் விசா விதிகளும் நிஜம். இந்தப் பெண்ணிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: போகிறாயா, இருக்கிறாயா? பெரியம்மா, "பெத்தவங்களப் பாக்கோணுமல்ல கண்ணு, காசு எப்ப வேணாலும் சம்பாரிக்கலாம்" என்கிறார். தம்பி, "நீங்க போங்க்கா, நா மாசாமாசம் பணம் அனுப்பிச்சர்றேன்" என்கிறான். அம்மாவோ, "நா இருக்கறனல்ல, நீ போ கண்ணு" என்று முடித்துவிடுகிறார்.

மூவரும் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் அப்பாவுக்கு ஒரு நாளில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது, அதை யார் செய்கிறார்கள் என்று மூவரில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. முடிவுக்கு முன்னால் அந்தக் கணக்குத்தான் வேண்டும்.

அப்பாவின் ஒரு நாள்

அவள் அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஒரு நோட்டை எடுத்து, காலையில் இருந்து மறுநாள் காலை வரை நடப்பதை நேரம் போட்டு எழுதினாள்.

விடியற்காலை ஐந்தரைக்கு அப்பாவைக் கட்டிலில் தூக்கி உட்காரவைக்க வேண்டும். பக்கவாதம் வந்தவரை எழுப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அந்தத் தோள்பட்டைத் தசைகளுக்குப் பிடிமானம் இல்லாததால் மூட்டு நழுவி, தீராத வலியாகிவிடும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி, அதைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலி அவருடைய பலமான பக்கத்தில், அதாவது இடது பக்கத்தில், இருக்க வேண்டும். அம்மா இரண்டு வருடமாக வலது அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். அப்பா தோள் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பிறகு கழிவறை, பல் தேய்ப்பது, குளியல், உடை மாற்றுவது. சாப்பாட்டை இடது கையால் அவரே சாப்பிட்டுக்கொள்வார். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று ஒருவர் பார்க்க வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வருவது, குரல் ஈரமாக ஒலிப்பது இரண்டும் தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்பதற்கான அடையாளம். அதைக் கவனிக்காமல் விட்டால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். காலையும் இரவும் மாத்திரை. மத்தியானம் கை கால் பயிற்சி. இரவில் இரண்டு முறை சிறுநீர் கழிக்க எழுப்புதல்.

முதியோர் பராமரிப்பில் உள்ளவர்கள் ஒருவருக்கு எவ்வளவு துணை தேவை என்று அளக்க ஆறு காரியங்களைப் பார்ப்பார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிவறை போய் வருவது, படுக்கையில் இருந்து எழுந்து மாறுவது, மலம் சிறுநீரை அடக்குவது, சாப்பிடுவது. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963இல் வகுத்த அளவுகோல் இது. ஒவ்வொன்றையும் தானே செய்ய முடிந்தால் ஒரு மதிப்பெண். அப்பாவுக்கு இரண்டு கிடைத்தது. நான்கு காரியங்களுக்கு இன்னொரு ஆளின் உடம்பு வேண்டும்.

நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் செய்தார் என்று எழுதியபோதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லா வரிக்கும் எதிரே அம்மாதான். இதில் அவள் செய்வது எதுவும் இல்லை. அவள் பெங்களூரில் இருந்து மாதத்துக்கு இரண்டு முறை வந்து போகிறவள். மாத்திரை வாங்குவது, டாக்டரிடம் நேரம் வாங்குவது, பிசியோவுக்குப் பணம் கொடுப்பது ஆகியவைதான் அவள் வேலை. அப்படியானால் அவள் சிங்கப்பூர் போவதால் அப்பாவின் பராமரிப்பில் என்ன மாறும் என்பது அம்மாவின் முழங்காலைப் பொறுத்த விஷயம். எழுபது கிலோ மனிதரை நாளைக்குப் பத்து முறை எழுப்பி உட்காரவைப்பவர் தேய்ந்த முழங்காலோடு இருக்கும் 66 வயது நோயாளி. அவர் ஒருமுறை வழுக்கி விழுந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் நோயாளிகள் இருவர், பார்க்க ஆள் இல்லை.

நம் வீடுகளில் அம்மா செய்வது வேலையாகவே கணக்கில் வருவதில்லை. "அம்மா இருக்கறாங்கல்ல" என்ற ஒரு வார்த்தையில் அது மறைந்துவிடுகிறது. மகளின் வெளிநாட்டு வேலையை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் இதில் ஒன்றுதான்.

முதல் நாலரை மணி நேரம்

தூரத்தைப் பற்றிய பயம் அடுத்தது. "ஏதாவது ஆச்சுன்னா ஓடி வர முடியுமா?"

பக்கவாதத்தையே எடுத்துக்கொள்வோம். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதில் இருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு மூளை பிழைக்கும். போடுவதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பெங்களூரில் இருந்து பரமத்தி வேலூருக்கு நெடுஞ்சாலையில் வந்து சேரவே ஐந்து மணி நேரம் ஆகும். எனவே அந்த முதல் நாலரை மணி நேரத்தில் பெங்களூரு மகளும் சிங்கப்பூர் மகளும் ஒன்றுதான். இருவருமே வந்து சேர முடியாது. 108ஐ அழைப்பது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தீர்மானிப்பது, கையெழுத்துப் போடுவது எல்லாம் பக்கத்தில் இருக்கும் ஒருவர் கையில்தான்.

அந்த ஒருவர் யார் என்று அவள் வீட்டில் யாரும் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. அப்பாவுக்கு முதல் முறை வந்தபோது வாய் கோணியதைப் பார்த்து, காற்று பட்டுவிட்டது என்று எண்ணெய் தேய்த்து ஒரு மத்தியானம் போய்விட்டது. இந்த முறை அவள் செய்தது இதுதான். பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா மகனையும் மருந்துக்கடைக்காரரையும் உட்காரவைத்து, முகம் ஒரு பக்கம் கோணுதல், கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும் என்று சொன்னாள். ஸ்கேனும் அந்த ஊசியும் இரவிலும் கிடைக்கும் ஆஸ்பத்திரி எது என்று நாமக்கல்லில் நேரில் போய் விசாரித்தாள். 2022 ஜனவரியில் நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் சேலம் ஓட வேண்டிய காலம் மாறிவருகிறது. கதவில் ஒரு தாள் ஒட்டினாள்: ஆஸ்பத்திரி பெயர், அப்பா சாப்பிடும் மாத்திரைகள், யாரை முதலில் கூப்பிடுவது.

கொங்குப் பகுதிக்கே உரிய இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வீடு ஊருக்குள் இல்லை. தோட்டத்துக்குள் தனியாக நிற்கிறது. 2024 நவம்பரில் பல்லடம் அருகேயும், 2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகேயும் தோட்டத்து வீட்டில் இருந்த முதியவர்கள் கொல்லப்பட்ட பிறகு, இரவில் அம்மாவுக்கு உறக்கம் இல்லை. ஆம்புலன்ஸ்காரருக்கு இருட்டில் வழி சொல்வதும் லேசான காரியமல்ல. நாமக்கல் டவுனில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு பார்ப்பது என்று அவளும் தம்பியும் பேசினார்கள். அப்பாவுக்குத் தோட்டத்தை விட்டு வர மனமில்லை. குழறிய பேச்சில் "கொடிக்கா, கொடிக்கா" என்றார். வாரம் ஒருநாள் கூட்டிப் போகிறோம் என்று ஒப்புக்கொண்ட பிறகே தலையாட்டினார்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு

முதல் சில மணி நேரத்துக்கு மகள் வந்துசேர முடியாது என்றால், அவள் எப்போது உண்மையிலேயே தேவைப்படுகிறாள்? ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகான வாரங்களில். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிட்டத்திலும் குதிகாலிலும் தோல் சிவந்து படுக்கைப்புண் வரும். விரலால் அழுத்தினால் சிவப்பு மறையாமல் அப்படியே நின்றால் அது புண்ணின் தொடக்கம். புது மாத்திரை, பழைய மாத்திரை குழப்பம் தீர வேண்டும். ஆள் தேட வேண்டும். கழிவறையில் பிடிமானக் கம்பி அடிக்க வேண்டும். முடிவெடுக்கிற ஒரு தலை வீட்டில் இருக்க வேண்டிய காலம் அது.

இதை ஒரு நாடு சட்டமாகவே புரிந்துகொண்டிருக்கிறது. முதியோர் நிறைந்த ஜப்பானில் குடும்பத்தினரைப் பார்த்துக்கொள்வதற்காக ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேர் வேலையை விடுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் பராமரிப்பு விடுப்பு வைத்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்ளப்படும் ஒரு நபருக்கு மொத்தம் 93 நாள். மூன்று தவணையாகப் பிரித்து எடுக்கலாம். சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வேலைவாய்ப்புக் காப்பீட்டில் இருந்து தருகிறார்கள். 93 நாளில் எந்தப் பக்கவாத நோயாளியும் குணமாகிவிடமாட்டார். அந்த நாட்கள் நோயாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதற்கானவை அல்ல. விடுப்பு முடிந்த பிறகும் ஓடக்கூடிய ஏற்பாட்டைச் செய்து முடிப்பதற்கானவை என்று அந்த நாட்டு அரசே விளக்குகிறது.

இந்தியாவில் தனியார் ஊழியருக்கு இப்படி ஒரு சட்டபூர்வ விடுப்பு கிடையாது. கிடைப்பது கேட்டு வாங்குவது மட்டுமே. அதைக் கேட்பதற்கான நேரம், சரி என்று சொல்வதற்கு முன்னால்தான். பதவி உயர்வுக் கடிதத்துக்குப் பதில் எழுதும் வரை நிறுவனத்துக்கு அவள் வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு அவளுக்குத்தான் நிறுவனம் வேண்டும்.

அவள் மூன்று விஷயம் கேட்டாள். சேரும் தேதியை நான்கு மாதம் தள்ளிப்போட வேண்டும். பெற்றோருக்கு அவசரம் என்றால் வருடத்துக்கு ஆறு வாரம் நாமக்கல்லில் இருந்தே வேலை பார்க்க அனுமதி வேண்டும். அது வாய்வார்த்தையாக இல்லாமல் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது பலரும் மறந்துவிடுவது, பெற்றோரின் காப்பீடு: இப்போது நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் அப்பா அம்மா இருவரும் இருக்கிறார்கள். சிங்கப்பூர் சம்பளப் பட்டியலுக்கு மாறிய அன்றே அது அறுந்துபோகலாம். 71 வயதில், பக்கவாதம் வந்தவருக்குப் புது பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை இருக்கலாம். ஆனால் குழுக் காப்பீட்டில் இருந்து வெளியேறும்போது, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இருக்கிறது. அப்படி மாறினால் ஏற்கெனவே கடந்த காலம் காத்திருப்பில் கழியும். நிறுவனம் மருத்துவ நிலையைப் பரிசீலித்துத்தான் ஏற்கும் என்பதால், வேலை மாறும் தேதிக்கு முன்பே மனுவைக் கொடுக்க வேண்டும். உறவு அறுந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

கூடவே கூட்டிப் போனால்?

"எங்களையும் கூட்டிட்டுப் போயிரு" என்று அம்மா ஒருநாள் சொன்னார். சிங்கப்பூரில் அதற்கு ஒரு தெளிவான கோடு இருக்கிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை செய்பவர், நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருந்தால் கணவரையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ளலாம். பெற்றோரை நீண்டகால அனுமதியில் அழைக்க 12,000 டாலர் வேண்டும். அவள் சம்பளம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. எனவே குழந்தை போகலாம், பாட்டி போக முடியாது.

சம்பளம் எட்டினாலும் சிக்கல் அத்தோடு தீராது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உள்ள மருத்துவ மானியம் இவர்களுக்குக் கிடையாது. பக்கவாதம் வந்தவர் ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முழுச் செலவும் மகள் தலையில். வேறு நாடுகளிலும் கதவு இப்படித்தான் அரைகுறையாகத் திறந்திருக்கிறது. பிரிட்டனில் வேலை விசாவில் இருப்பவர் பெற்றோரை அழைக்க வழியில்லை. ஜெர்மனி 2024 மார்ச் முதல் புதிதாக அனுமதி பெறும் திறன்மிகு பணியாளர்கள் பெற்றோரை அழைத்துக்கொள்ள வழிவிட்டது. ஆனால் அந்த முதியவர்களுக்கு அங்கே மருத்துவக் காப்பீடு எடுத்துக் காட்ட வேண்டும். நோயுள்ள முதியவருக்கு அதுதான் கடினம். கூட்டிப் போவதை ஒரு திட்டமாக நம்பிச் சரி சொல்வதற்கு முன்னால், அந்தந்த நாட்டு விதியை எழுத்தில் பார்த்துவிட வேண்டும்.

கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே

அப்பா பெயரில் தோட்டமும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. "பவர் எழுதி வாங்கிக்கலாம்" என்று தம்பி சொன்னான். ஊரில் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். பவர் பத்திரத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது பலருக்குத் தெரியாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. அதாவது அப்பா அடுத்த பக்கவாதத்தில் நினைவிழந்து, அந்தப் பத்திரம் மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது செல்லாமல் போகும். அப்படி நினைவிழந்தவருக்குப் பாதுகாவலரை நியமிக்கத் தனியாக ஒரு நேரடிச் சட்டம் நம்மிடம் இல்லை. கோமாவில் இருந்த கணவரின் சிகிச்சைக்காக அவர் சொத்தை விற்க வேண்டிய மனைவி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரைப் பாதுகாவலராக ஏற்றது.

எனவே பவரை மட்டும் நம்பாமல், அப்பாவின் கணக்கை இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற முறையில் அம்மாவோடு கூட்டுக் கணக்காக்கினார்கள். மருத்துவச் செலவுக்கு ஆறு மாதத்துக்குப் போதுமான தொகையை அதில் வைத்தார்கள். நினைவு திரும்ப வாய்ப்பில்லாத நிலை வந்தால் எந்த அளவுக்குச் சிகிச்சை வேண்டும், யார் முடிவு சொல்வது என்பதையும் எழுதி வைக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி திறந்தது. 2023இல் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று இருந்தால் போதும் என்றது. மகளும் மகனும் ஆஸ்பத்திரி வாசலில், ஒருவர் போனிலும் ஒருவர் நேரிலும், சண்டை போடாமல் இருக்க இந்த ஒரு தாள் உதவும்.

இது ஏன் மகளின் கேள்வியாக மட்டும் இருக்கிறது?

இந்தப் பெண் பிறந்த 1989ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. திருமணமாகாத மகளுக்கு மகனுக்குச் சமமாகப் பூர்வீகச் சொத்தில் பிறப்பிலேயே பங்கு. அவளுக்கு மூன்று வயதானபோது, 1992இல், பெண் சிசுக்கொலையைத் தடுக்க அன்றைய சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. நாமக்கல் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1997இல்தான் தனி மாவட்டமானது. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். மகள் பாரம் என்று நினைத்த மண்ணில், தப்பிப் பிறந்து படித்து வந்த தலைமுறையின் மகள்தான் இவள். இன்று பெற்றோரின் முதுமை அவள் தோளில் ஏறுகிறது.

ஆனால் உரிமை அதே வேகத்தில் ஏறவில்லை. கல்யாணத்தின்போது நகையும் சீரும் கொடுத்தோம் என்று சொல்லி, தோட்டத்துப் பங்கை மகன் பெயருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இங்கே வழக்கம். அவளும் போட்டிருந்தாள். சொத்து மகனுக்கு, மலம் துடைப்பது மகளுக்கும் மருமகளுக்கும் என்ற இந்தப் பங்கீட்டை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஆனால் எல்லோரும் அதன்படிதான் நடக்கிறார்கள்.

சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், முதிய பெற்றோரைக் காப்பாற்றும் கடமையை மகன், மகள் இருவர் மேலும் வைத்தது. 1987இல் மகாராஷ்டிரத்தின் கல்யாண் நகரைச் சேர்ந்த டாக்டர் விஜயா மனோகர் அர்பத்திடம், அவருடைய தந்தை மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சம் கேட்டுத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மணமான மகளுக்குப் பெற்றோரைக் காக்கும் கடமை இல்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் பிள்ளைகள் என்பதற்குள் மகளையும் சேர்த்தே சொல்கிறது. கடமையில் மகள் சமம் என்றால், மகன் அனுப்பும் பணம் மட்டும் அவன் கடமையை அடைத்துவிடாது.

இதை அவள் தம்பியிடம் சண்டையாகச் சொல்லவில்லை. நோட்டை அவன் முன்னால் வைத்து, "பணம் நா அனுப்பறேன். நீ ஆளா வா" என்றாள். திருப்பூரில் இருந்து நாமக்கல் இரண்டரை மணி நேரம். மாதம் இரண்டு சனி, ஞாயிறு அவன் வந்து, அந்த இரண்டு நாளும் அம்மாவுக்கு முழு ஓய்வு கொடுக்க வேண்டும். அப்பாவைக் குளிப்பாட்டுவது உட்பட. அவன் முதலில் தயங்கினான். பெல்ட் கட்டி எழுப்பும் முறையை பிசியோவிடம் கற்றுக்கொண்ட பிறகு, அப்பாவை அம்மாவை விட அவன்தான் சுலபமாக எழுப்பினான்.

ஆறு வார வெள்ளோட்டம்

கேட்டுக் கிடைத்த நான்கு மாதத்தில், கடைசி ஆறு வாரத்தை அவள் வெள்ளோட்டத்துக்கு வைத்தாள். பெங்களூரில்தான் இருப்பாள், ஆனால் சிங்கப்பூரில் இருப்பது போல நடந்துகொள்வாள். ஊருக்கு வரமாட்டாள். எல்லாம் போனில். ஏற்பாடு ஓடுகிறதா, எங்கே உடைகிறது என்று பார்க்கத்தான் இது.

டவுன் வீட்டுக்குக் குடிவந்தாயிற்று. காலையும் இரவும் தூக்கி எழுப்ப, தங்கி வேலை செய்யும் ஆள் ஒருவரை சேலத்து ஏஜென்சி மூலம் வைத்தார்கள். கட்டில் பக்கத்தில் கமோட் நாற்காலியும் இரவுக்கு யூரின் கேனும் வந்ததும் அம்மா இரவில் எழுவது ஒருமுறையாகக் குறைந்தது. 2021இல் தொடங்கிய அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்ததால், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்தது. பிசியோதெரபிக்கும் அதில் இடமுண்டு.

உடைந்த இடங்களும் தெரிந்தன. மூன்றாவது வாரம் ஊரில் திருவிழா என்று அந்த ஆள் நான்கு நாள் போய்விட்டார். மாற்று ஆள் அனுப்புவதாக ஏஜென்சி சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சுத்தான். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அந்த நான்கு நாளும் அம்மாதான் தூக்கினார். அடுத்த மாதத்துக்கு அந்த வரியைச் சேர்த்து, கூடவே உள்ளூரில் பகல் நேரத்துக்கு மட்டும் வரும் ஓர் அம்மாளையும் பேசி வைத்தார்கள்.

இரண்டாவது உடைப்பு இன்னும் ஆழமானது. தினம் இரவு வீடியோவில் அம்மா "நல்லா இருக்கறோங் கண்ணு" என்றே சொன்னார். ஐந்தாவது வாரம் தம்பி வந்து பார்த்தபோது அம்மாவின் பாதத்தில் ஒரு கொப்புளம் புண்ணாகியிருந்தது. சர்க்கரைக்காரர் காலில் வலி தெரியாமல் போகலாம். அம்மாவும் சொல்லவில்லை, மகள் பயணம் தடைப்படும் என்று மறைத்திருக்கிறார். போனில் கேட்டால் பெற்றோர் நிஜம் சொல்லமாட்டார்கள் என்பதை எந்தத் தூரதேசத்துப் பிள்ளையும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகு அவள் "எப்படி இருக்கீங்க" என்று கேட்பதை விட்டுவிட்டாள். வாரத்தில் ஒருநாள் கேமராவில் இரண்டு பாதங்களையும், அப்பாவின் குதிகாலையும் காட்டச் சொன்னாள். மாதம் ஒருமுறை எடையும் மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவும் தம்பியே எழுதி அனுப்ப வேண்டும் என்றாயிற்று.

வெள்ளோட்டம் முடிந்ததும் அவள் போவது என்று முடிவு செய்தாள். ஆனால் திரும்பி வருவதற்கான நிபந்தனைகளையும் அன்றைக்கே எழுதினாள். குற்ற உணர்ச்சியிலோ பிடிவாதத்திலோ முடிவெடுக்கும் நாள் வராமல் இருக்க அதுவே வழி. அம்மா ஒருமுறை விழுந்தாலோ, அப்பாவின் மதிப்பெண் பூஜ்யமானாலோ, இருவரில் ஒருவருக்கு ஞாபகம் தடுமாறி அடுப்பை அணைக்க மறப்பது, வழி தெரியாமல் நிற்பது போன்றவை தொடங்கினாலோ, மூன்று மாதத்துக்குள் அவள் திரும்புவாள். ஞாபகம் தடுமாறும்போது உதவி வேண்டும் என்று கேட்கவே முடியாமல் போகிறது. கூலிக்கு வரும் ஆள் எப்படிப் பார்க்கிறார் என்று சொல்லவும் ஒருவர் இருக்கமாட்டார். அந்த நிலையில் பணம் வாங்கித் தரக்கூடிய பராமரிப்புக்கு எல்லை வந்துவிடுகிறது. யாருடைய பெற்றோர் இன்றே அந்த நிலையில் இருக்கிறார்களோ, அவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு விடை சொல்லும். அந்த விடையை ஏற்று இருந்துவிடுவதும் சரியான முடிவே.

போவதா, இருப்பதா என்பதற்கு ஊருக்கெல்லாம் பொதுவான பதில் கிடையாது. ஆனால் பதிலுக்குப் போகும் வழி எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். இருபத்துநாலு மணி நேரத்தையும் எழுதுங்கள், செய்பவர் பெயரை எதிரே போடுங்கள், அந்தப் பெயர்களில் மகனும் இருக்கட்டும், ஏற்பாட்டை ஆறு வாரம் ஓட்டிப் பாருங்கள். முதியோருக்கு உதவியோ ஆலோசனையோ தேவைப்பட்டால் 14567 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. அதை அம்மாவின் போனிலும் பதிந்து வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகு மகள் எடுக்கும் முடிவு எதுவானாலும், அதற்காக அவளைக் குறை சொல்லும் உரிமை அந்த நோட்டில் பெயர் இல்லாத யாருக்கும் இல்லை.